ஏர்போர்ட் வைஃபையில் போர்டிங் பாஸ், பேங்க், வாட்ஸ்அப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்துப் பராமரிப்பது என் வேலை. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் கிளம்புகிற சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குத்தான் கூப்பிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

ஏர்போர்ட் வைஃபைல பேங்க் ஆப்பைத் திறந்தாலே பணம் போயிடும்னு சொல்றாங்களே, நெசமா?

திறந்த மாத்திரத்தில் போகாது. இந்தப் பயம் ஒரு காலத்தில் நியாயமானதாக இருந்தது. 2010 வாக்கில் பல இணையதளங்கள் கடவுச்சொல் போடும் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு, மற்றதையெல்லாம் திறந்தபடி அனுப்பின. அதே வைஃபையில் இருந்த இன்னொருவர் ஒரு சின்ன மென்பொருளைப் போட்டுக்கொண்டு உங்கள் ஃபேஸ்புக் கணக்குக்குள் உட்கார்ந்துவிட முடிந்தது. அந்த வருடம் வந்த ஃபயர்ஷீப் என்ற மென்பொருள் அதை யாரும் செய்யக்கூடிய வேலையாக்கிக் காட்டியது. அதன் பிறகுதான் பெரிய தளங்கள் ஒவ்வொன்றாக முழுப் பூட்டுக்கு மாறின.

இன்று உங்கள் பேங்க் ஆப் அனுப்பும் எதுவும் போனை விட்டு வெளியேறும் முன்பே பூட்டப்படுகிறது. அதைத் திறக்கும் சாவி பேங்கின் கணினியிடம்தான் இருக்கிறது. நடுவில் இருக்கும் வைஃபைக்காரர் ஒட்டின கடிதத்தைக் கொண்டுபோகும் தபால்காரர் மாதிரி. எந்த பேங்குக்குப் போகிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு கனம் என்பது தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. `https://` என்று தொடங்கும் எந்த இணையப் பக்கத்துக்கும் இதே கணக்குதான்.

அப்ப ஆபத்துன்னு எதைத்தான் சொல்றீங்க?

காற்றில் போவதை யாரோ பிடித்துப் படிப்பதைவிட, நீங்களே கையால் தட்டிக் கொடுப்பதுதான் இன்றைய ஆபத்து. வைஃபையில் சேர்ந்ததும் ஒரு பக்கம் தானாகத் திறக்கிறதே, அந்த லாகின் பக்கம் யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது. விமான நிலையத்தின் வைஃபைப் பெயரையே வைத்து ஒருவர் தன் பையில் ஒரு சின்னப் பெட்டியை இயக்கினால், அவர் செய்த பக்கம்தான் உங்கள் போனில் திறக்கும்.

ஆஸ்திரேலியாவில் இது அப்படியே நடந்தது. 2024 ஏப்ரலில் ஓர் உள்நாட்டு விமானத்தில் சந்தேகமான வைஃபை ஒன்று தெரிவதை ஊழியர்கள் கவனித்துச் சொன்னார்கள். பெர்த் விமான நிலையத்தில் ஒரு பயணியின் கைப்பையைச் சோதித்தபோது வைஃபை பரப்பும் கையடக்கக் கருவி, மடிக்கணினி, போன் மூன்றும் கிடைத்தன. பெர்த், மெல்பர்ன், அடிலெய்டு விமான நிலையங்களில் அசல் மாதிரியே வைஃபை பரப்பியதாக அந்நாட்டுக் காவல்துறை வழக்குப் போட்டது. அவருடைய பக்கம் என்ன கேட்டது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. 'உங்கள் மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கால் உள்ளே நுழையுங்கள்' என்றது. போட்டவர்களின் கடவுச்சொல் அவர் கருவியில் சேர்ந்துவிட்டது. எந்தப் பூட்டையும் அவர் உடைக்கவில்லை. மக்கள் தாங்களாகவே கொடுத்தார்கள்.

தம்பி, லிஸ்ட்ல ஏர்போர்ட் பேர்ல ரெண்டு மூணு காட்டுது. எது நெசம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

போனைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வைஃபைக்கு எந்தப் பெயரையும் யாரும் வைக்கலாம். சாங்கி விமான நிலையத்தின் பெயர் `#WiFi@Changi`. இதே எழுத்துகளை, இதே குறிகளோடு, என் வீட்டு மோடத்துக்கும் என்னால் வைக்க முடியும். பெரிய விமான நிலையத்தில் ஒரே பெயரைப் பரப்பும் பெட்டிகள் கூரை முழுக்க இருக்கும். போன் அவையெல்லாவற்றையும் ஒரே வரியாகச் சேர்த்துக் காட்டிவிடும். போலிப் பெட்டி ஒன்று இருந்தால் அதுவும் அந்த ஒரு வரிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். சிக்னல் நன்றாக இருப்பதும் ஓர் அடையாளமில்லை. பக்கத்து நாற்காலியில் இருக்கும் போலிக்குத்தான் சிக்னல் அதிகம் வரும்.

தூணில், தகவல் பலகையில் எழுதியிருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். ஒரே பெயர் பூட்டுக் குறியோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு முறை தெரிந்தால் தகவல் கவுன்ட்டரில் கேட்டுவிட்டுச் சேருங்கள். இதெல்லாம் தப்பான பெயரைத் தவிர்க்க உதவும். ஆனால் அச்சு அசலான போலியை இதனால் பிடிக்க முடியாது. அதனால் நான் சொல்வது, எதில் சேர்ந்தாலும் அது போலியாகவே இருக்கலாம் என்று எண்ணி நடந்துகொள்ளுங்கள். அடுத்த பதிலில் சொல்வதைப் பின்பற்றினால் போலியில் மாட்டினாலும் அவனுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

மொபைல் நம்பர் கேக்குது, அப்புறம் ஓடிபி கேக்குது. குடுக்கலாமா வேணாமா?

இந்தியாவில் பொது வைஃபை கொடுப்பவர்கள் பயன்படுத்துபவர் யார் என்று பதிவு செய்தாக வேண்டும். அதனால் நம்பரும் ஓடிபியும் கேட்பது இங்கே வழக்கம்தான், கொடுக்கலாம். நம்மூர் சிம் இல்லாமல் வருகிறவர்களுக்குச் சில விமான நிலையங்களில் பாஸ்போர்ட்டைக் காட்டி வைஃபைக் குறியீடு வாங்கும் வசதி உண்டு. நம்பருக்கும் ஓடிபிக்கும் மேல், மின்னஞ்சலின் கடவுச்சொல், கூகுள் அல்லது ஃபேஸ்புக் லாகின், கார்டு எண், ஆதார் எண், யுபிஐ பின் என்று எதைக் கேட்டாலும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வைஃபையை அணைத்துவிடுங்கள். பேருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் கேட்டால் கொடுப்பதில் பெரிய கெடுதல் இல்லை. விளம்பரம்தான் வரும்.

ஓடிபி விஷயத்தில் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். எண்ணை மட்டும் பார்த்துத் தட்டாமல், அந்த எஸ்எம்எஸ்ஸின் முழு வாக்கியத்தையும் படியுங்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் வேலைக்குப் போகும் வழியில் இடைநிறுத்தத்தில் இப்படித்தான் ஏமாந்தான். ஒரு வைஃபைப் பக்கத்தில் நம்பரைப் போட்டான். ஆறு இலக்கம் வந்தது, தட்டினான். வைஃபை வரவில்லை, சற்று நேரத்தில் வாட்ஸ்அப் வெளியேறிவிட்டது. பிறகு அந்த எஸ்எம்எஸ்ஸைத் திறந்து பார்த்தால் அதில் வாட்ஸ்அப் என்ற பெயரே தெளிவாக இருந்தது, யாரிடமும் பகிராதீர்கள் என்றும் இருந்தது. அவன் கொடுத்த நம்பரை அந்தப் பக்கத்துக்காரன் தன் போனில் வாட்ஸ்அப் பதிவுக்குப் போட்டிருக்கிறான். வந்த குறியீட்டை இவனே எடுத்துக் கொடுத்திருக்கிறான். அன்றைக்கே அவன் அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் 'அவசரம், பணம் போடுங்க' என்று செய்தி போனது.

அவன் மறுபடி தன் நம்பரில் வாட்ஸ்அப்பைப் பதிவு செய்து, புதிதாக வந்த குறியீட்டைப் போட்டதும் எதிராளி வெளியே தள்ளப்பட்டான். எதிராளி இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு ஒரு பின் எண்ணை வைத்துவிட்டால் ஏழு நாள் காத்திருந்துதான் உள்ளே போக முடியும். அந்த பின்னை நீங்களே முன்கூட்டி வைத்துவிட்டால் இந்தக் களவு பாதியிலேயே நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் Settings, Account, Two-step verification என்று போனால் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் வீட்டில் வைத்தே செய்யுங்கள்.

கனெக்டட்னு காட்டுது, ஆனா லாகின் பக்கமே வரமாட்டேங்குது. என்ன பண்ண?

லாகின் பக்கம் வருவது ஒரு குறுக்கீட்டால். நீங்கள் ஏதோ ஒரு தளத்தைத் திறக்கப் பார்க்கும்போது வைஃபை அதை மறித்து, தன் பக்கத்தைக் காட்டுகிறது. `https` பக்கங்களை அப்படிச் சுத்தமாக மறிக்க முடியாது. அதனால் பூட்டு இல்லாத ஒரு பக்கத்தைத் திறந்தால் லாகின் பக்கம் எட்டிப் பார்க்கும். உலாவியில் இதைத் தட்டுங்கள்:

```
http://neverssl.com
```

அப்படியும் வரவில்லை என்றால், விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அணையுங்கள். ஆண்ட்ராய்டில் Private DNS என்ற அமைப்பில் நீங்கள் ஏதாவது பெயர் கொடுத்து வைத்திருந்தால் அதை Automatic என்று மாற்றுங்கள். லாகின் முடிந்ததும் இரண்டையும் பழையபடி வைத்துக்கொள்ளலாம்.

'Your connection is not private'னு வருது. Advanced அழுத்தி உள்ள போயிடலாமா?

இது எப்போது வருகிறது என்று பாருங்கள். வைஃபை லாகின் முடியும் முன்பே வந்தால், பெரும்பாலும் மேலே சொன்ன குறுக்கீடுதான் காரணம். நீங்கள் திறந்த தளத்துக்குப் பதிலாக வைஃபைக்காரர் பதில் சொல்கிறார், உலாவி அதைக் கண்டுபிடித்துச் சத்தம் போடுகிறது. அதை மூடிவிட்டு `http://neverssl.com` வழியாக லாகின் பக்கத்துக்குப் போங்கள். கீழே `NET::ERR_CERT_DATE_INVALID` என்று இருந்தால் முதலில் உங்கள் போனின் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுக்கத் தீர்ந்து உயிர் வந்த பழைய போன்களில் தேதி பிசகியிருக்கும்.

லாகின் முடிந்து, மற்ற தளங்கள் ஓடும்போது பேங்க் தளத்தில் மட்டும் இந்த எச்சரிக்கை வந்தால் விஷயம் வேறு. குறிப்பாக `NET::ERR_CERT_AUTHORITY_INVALID` என்று இருந்தால், பேங்க் என்று சொல்லிக்கொண்டு வேறு யாரோ பதில் சொல்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். Advanced அழுத்தி உள்ளே போவது, முதல் பதிலில் சொன்ன ஒட்டின கடிதத்தை நீங்களே பிரித்துக் கொடுப்பதுதான். வைஃபையை அணையுங்கள். மொபைல் டேட்டாவில் அதே தளம் சரியாகத் திறந்தால் கோளாறு அந்த வைஃபையில் இருக்கிறது என்று உறுதியாகிவிடும்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். எச்சரிக்கை வராமல் பூட்டுக் குறி தெரிவதால் மட்டும் அது உங்கள் பேங்க் ஆகிவிடாது. போலித் தளமும் தன் பெயருக்குப் பூட்டு வாங்க முடியும். இந்திய வங்கிகள் தங்கள் இணைய முகவரியை `.bank.in` என்று முடியும்படி மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் வரை கெடு வைத்தது. உலாவியில் போவதானால் முகவரியின் அந்தக் கடைசித் துண்டைப் பாருங்கள். ஆப் இருந்தால் ஆப்பே மேல்.

போர்டிங் பாஸை அங்க போயி வைஃபைல இறக்கிக்கலாம்ல?

அங்கே போய் என்பதில்தான் சிக்கல். நம்மூர் விமான நிலையங்களில் கட்டடத்துக்குள் நுழையும் வாசலிலேயே பாதுகாப்புப் படையினர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்க்கிறார்கள். வைஃபை உள்ளே இருக்கிறது, நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். பின்னால் வண்டியோடு பத்துப் பேர். அந்த அவசரத்தில் எந்த வைஃபை தெரிகிறதோ அதில் சேர்வதும், கேட்பதையெல்லாம் தட்டுவதும் நடக்கிறது.

என் அத்தை சிங்கப்பூர் போனபோது முதல் நாள் இரவே நாங்கள் செய்தது இது. டிக்கெட் பிடிஎஃப், விசா, பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், அங்கே தங்கும் முகவரி நான்கையும் போனிலேயே இறக்கி வைத்தோம். மின்னஞ்சலில் இருக்கிறதே என்று விட்டுவிடவில்லை. பிறகு போனை ஃபிளைட் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்து, நான்கையும் அத்தையே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். மூன்று திறந்தன. விசா மட்டும் சுற்றிக்கொண்டே நின்றது. அது டிரைவில் இருந்தது, போனில் இல்லை. வீட்டில் தெரிந்ததால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்தோம். வாசலில் தெரிந்திருந்தால் அத்தை தனியாக என்ன செய்திருப்பார்களோ. இந்த ஃபிளைட் மோடு சோதனையை நான் யாரிடமும் விடாமல் சொல்கிறேன்.

போர்டிங் பாஸ் வந்துவிட்டால் கூகுள் வாலட் அல்லது ஆப்பிள் வாலட்டில் சேர்க்கலாம். இல்லாவிட்டால் சதுரக் குறி முழுதும் தெரிய ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். காட்டும்போது திரை வெளிச்சத்தைக் கூட்டுங்கள், மங்கலாக இருந்தால் ஸ்கேனர் படிக்காது. வெளிநாட்டுப் பயணத்தில் கவுன்ட்டரில் விசாவைச் சரிபார்த்த பிறகே பாஸ் தரும் விமானங்கள் பல உண்டு. அப்போது காகிதம்தான் கையில் வரும்.

போர்டிங் பாஸ் போட்டோவை ஸ்டேட்டஸ்ல வைக்கலாமா? பேரையும் பி.என்.ஆரையும் மறைச்சுட்டேன்.

அந்தக் கட்டம்கட்டமான குறியை மறைத்தீர்களா? பேர், பி.என்.ஆர்., விமானம், இருக்கை எல்லாம் அந்தக் குறிக்குள்ளேயும் எழுதியிருக்கிறது. பூட்டு எதுவும் இல்லை, சாதாரண ஸ்கேனர் ஆப் படித்துவிடும். பல விமான நிறுவனங்களின் தளத்தில் பி.என்.ஆரும் குடும்பப் பெயரும் இருந்தால் முன்பதிவுக்குள் போய்விடலாம். இருக்கையை மாற்றலாம், சில இடங்களில் டிக்கெட்டையே ரத்து செய்யலாம்.

ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020இல் தன் போர்டிங் பாஸ் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த முன்பதிவு எண்ணை வைத்து உள்ளே போன ஒருவர், இணையப் பக்கத்தின் பின்னால் ஒளிந்திருந்த பாஸ்போர்ட் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கண்டுபிடித்தார். நல்ல மனிதர் என்பதால் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்லிச் சரிசெய்ய வைத்தார். ஸ்டேட்டஸுக்கு ஜன்னல் வழியே தெரியும் விமானப் படம் போதும். காகிதப் பாஸை ஊர் திரும்பியதும் கிழித்துப் போடுங்கள்.

சார்ஜ் இல்ல, அங்க இருக்கிற கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் திறந்து பிரின்ட் எடுத்துக்கிட்டா?

பொதுக் கணினியில் வேண்டாம். அங்கே நீங்கள் தட்டுவதைப் பதிவு செய்யும் மென்பொருள் இருந்தால் வைஃபையின் எந்தப் பூட்டும் காப்பாற்றாது. விமான நிறுவனத்தின் செக்-இன் இயந்திரத்தில் பி.என்.ஆர். போட்டால் பாஸ் அச்சாகும், கவுன்ட்டரிலும் தருவார்கள். வேறு வழியில்லாமல் வாட்ஸ்அப் திறந்துவிட்டால், உங்கள் போனில் Linked devices என்ற இடத்தில் அந்தக் கணினியின் பெயரைத் தொட்டு வெளியேற்றிவிடுங்கள்.

காபிக்கு யுபிஐ பண்ணணும். வைஃபைல பண்ணலாமா, டேட்டாவுக்கு மாறணுமா?

பாதுகாப்பு என்று பார்த்தால் முதல் பதிலில் சொன்னதுதான், ஆப் பூட்டித்தான் அனுப்புகிறது. ஆனாலும் டேட்டா இருந்தால் அந்த இரண்டு நிமிடத்துக்கு வைஃபையை அணையுங்கள் என்றுதான் சொல்வேன். போலி வைஃபைக் கவலை ஒழிந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம், கூட்ட நெரிசலில் வைஃபை பாதியில் அறுந்துபோவது. பின் போட்ட பிறகு அறுந்தால் பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் 'Pending' என்று நிற்கும்.

அப்படி நின்றால் உடனே மறுபடி அனுப்பாதீர்கள். டேட்டாவுக்கு மாறி, ஆப்பின் வரலாற்றையும் பேங்க் எஸ்எம்எஸ்ஸையும் பாருங்கள். கணக்கில் பிடித்துக்கொண்டு எதிராளிக்குப் போய்ச் சேராமல் இருந்தால், ஆளுக்கு ஆள் அனுப்பியது அடுத்த நாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது ஐந்து நாளுக்குள்ளும் திரும்ப வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2019 விதி சொல்கிறது. இன்னொன்று, பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. 'ரீஃபண்ட் வாங்க பின் போடுங்க' என்று யார் சொன்னாலும் அது திருட்டு.

லவுஞ்சுக்குப் போக ஒரு ஆப் போடச் சொல்றாங்க. போட்டுக்கவா?

ப்ளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ நீங்களே தேடி எடுப்பதாக இருந்தால் சரி. லிங்க் அனுப்பி, `.apk` என்று முடியும் கோப்பை இறக்கச் சொன்னால் கூடாது. 2024இல் பெங்களூரு விமான நிலையத்தில் ஒரு பெண் இப்படி லவுஞ்ச் ஆப் என்று ஒன்றைப் போட்டு 87 ஆயிரம் ரூபாய்க்கு மேல் இழந்தார். அந்தப் போலி ஆப் போனுக்கு வரும் எஸ்எம்எஸ்களைத் திருடி அனுப்பும் வகை என்று பிறகு ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். எஸ்எம்எஸ் போனால் ஓடிபியும் போய்விடுகிறது. வைஃபைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டு வைஃபையில் போட்டிருந்தாலும் இதுவேதான் நடந்திருக்கும். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும் ஆப், திரையைப் பகிரச் சொல்லும் ஆள், இரண்டில் எது வந்தாலும் மறுத்துவிடுங்கள். பல லவுஞ்சுகளில் கார்டைத் தேய்த்தாலே போதும்.

வீட்ல பேசிக்கிறதையெல்லாம் வைஃபைக்காரங்க படிப்பாங்களா?

வாட்ஸ்அப், சிக்னல் செய்திகளும் அழைப்புகளும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பூட்டியே போகின்றன. வைஃபைக்காரருக்கு நீங்கள் வாட்ஸ்அப் பயன்படுத்துவது தெரியும், யாரிடம் என்ன பேசினீர்கள் என்பது தெரியாது. சாதாரண எஸ்எம்எஸ் பொதுவாக வைஃபை வழியாகப் போவதில்லை, சிம்மின் டவர் வழியாகப் போகிறது. அதனால்தான் வெளிநாட்டில் வைஃபை நன்றாக இருந்தும் பேங்க் ஓடிபி வராமல் நிற்கிறது. கிளம்பும் முன் இந்திய சிம்மில் ரோமிங்கைத் திறந்து வையுங்கள். டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துக்கொள்ளலாம்.

துபாயில் இறங்கி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் போகவில்லை என்று பலர் பதறுகிறார்கள். அது வைஃபைக் கோளாறு இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகளைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். செய்தியும் குரல் பதிவும் போகும், 'வந்து சேர்ந்துட்டேன்' என்று அதில் சொல்லிவிடுங்கள். அதைத் தாண்ட ஏதோ ஓர் இலவச விபிஎன்னைத் தேடிப் போடாதீர்கள். அந்த நாட்டுச் சட்டம் இதில் கடுமையானது.

மாமா, விபிஎன் போட்டுட்டா எதைப் பத்தியும் கவலைப்பட வேணாமே?

விபிஎன் முக்கியமாக ஒரு வேலைதான் செய்கிறது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை வைஃபைக்காரரிடமிருந்து மறைத்து, அந்தத் தகவலை விபிஎன் நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது. அலுவலகம் தந்த விபிஎன் என்றால் தாராளமாகப் போடுங்கள். யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இலவச விபிஎன் என்றால், தெரியாத தபால்காரரை மாற்றி இன்னொரு தெரியாத தபால்காரரைப் பிடித்தது போலத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. லாகின் பக்கம் விபிஎன் ஓடத் தொடங்கும் முன்னால் வருவது. இரண்டாவது பதிலில் சொன்ன ஆஸ்திரேலியத் திருட்டு அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. போலிப் பக்கத்தில் நீங்களே கடவுச்சொல்லைப் போட்டால் விபிஎன் அதைத் தடுக்காது.

வீட்டுக்கு வந்தாச்சு. இன்னும் ஏதாவது செய்யணுமா?

ஒன்று செய்யுங்கள். போனின் வைஃபைப் பட்டியலில் அந்த விமான நிலையப் பெயரைத் தொட்டு Forget கொடுங்கள். பூட்டு இல்லாத வைஃபையைப் போன் பெயரை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. அடுத்த முறை, வேறு ஊரில் யாரோ அதே பெயரைப் பரப்பினாலும் உங்களைக் கேட்காமலே போய் ஒட்டிக்கொள்ளும். Forget செய்ய மறப்பவர்கள், சேரும்போதே Auto-join அல்லது Auto-connect என்பதை அணைத்துவிடலாம்.

நான் ஏற்கெனவே ஜிமெயில் பாஸ்வேர்டைப் போட்டுத் தொலைச்சிட்டேன். இப்ப என்ன பண்றது?

முதலில் வைஃபையை அணைத்து டேட்டாவுக்கு வாருங்கள். அதே வைஃபையில் இருந்துகொண்டு எதையும் மாற்றாதீர்கள். ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதே கடவுச்சொல்லை வேறெங்கும் வைத்திருந்தால் அங்கேயும். பிறகு கூகுள் கணக்கில் Security பகுதியில் Your devices என்ற இடத்தைப் பாருங்கள். உங்களுடையதல்லாத கருவி தெரிந்தால் வெளியேற்றுங்கள். 2-Step Verification இல்லையென்றால் அப்போதே போடுங்கள். மின்னஞ்சலை முதலில் காப்பாற்றச் சொல்வதற்குக் காரணம், மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் லிங்க் அங்கேதான் வருகிறது. ஜிமெயில் அமைப்புகளில் Forwarding என்ற இடத்தில் தெரியாத முகவரி ஏதும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடவுச்சொல் மாறின பிறகும் அதன் வழியே கடிதங்கள் போய்க்கொண்டே இருக்கும்.

கார்டு எண்ணோ பேங்க் விவரமோ கொடுத்திருந்தால், பேங்க் ஆப்பிலேயே கார்டை முடக்கிவிட்டு, கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் எண்ணுக்கு வேண்டாம். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள், `cybercrime.gov.in` தளத்திலும் புகார் பதியலாம். வெளிநாட்டிலிருந்து 1930 கிடைக்காவிட்டால் ஊரில் இருக்கும் ஒருவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு நீங்கள் பேங்கைப் பிடியுங்கள்.

நாள் கணக்கு இங்கே முக்கியம். உங்கள் தவறும் பேங்கின் தவறும் இல்லாமல் பணம் போய், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை சொல்கிறது. ஓடிபியோ பின்னோ நீங்களே கொடுத்திருந்தால், பேங்குக்குச் சொல்லும் நிமிடம் வரை போனது உங்கள் கணக்கில், அதற்குப் பிறகு போவது பேங்கின் கணக்கில். அதனால் போர்டிங் அழைத்துவிட்டார்களே, இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வரிசையில் நின்றபடியே கூப்பிட்டு, அவர்கள் தரும் புகார் எண்ணையும் நேரத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு ஏறுங்கள்.